லாபம் வந்தாச்சு... எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு விட்டு வைப்பது?

போன மாதம் முழுக்க நம்ம வகுப்பில் கடைசி பெஞ்சுப் பேச்சு ஒன்றே ஒன்றுதான். யாருக்கு எத்தனை டிரேடு ஜெயித்தது, யாருடைய செயலியில் இப்போது எவ்வளவு காட்டுகிறது. எதை வாங்குவது, எப்போது விற்பது என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், ஜெயித்த பணத்தை எங்கே வைப்பது என்று இரண்டு நிமிடம் கூடப் பேசுவதில்லை. பேசினாலும் இரண்டே கட்சி. ஒன்று, "எல்லாத்தையும் வெளியே எடுத்து சொந்த வாலட்டில் போடு". இன்னொன்று, "பெரிய கம்பெனிடா, ஒண்ணும் ஆகாது, அங்கேயே கிடக்கட்டும்". இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. இது எவ்வளவு என்ற கேள்வி. அதற்குக் கணக்கில்தான் பதில் இருக்கிறது. நாம் வணிகவியல் படிக்கிறோம் என்பதற்கு இதற்காவது பயன் இருக்கட்டுமே!

முதலில் ஒரு அடிப்படை விஷயம். எக்ஸ்சேஞ்ச் செயலியில் "உங்கள் இருப்பு: 1,00,000" என்று காட்டுகிறதே, அது நம்முடைய பணம் இல்லை. அந்தக் கம்பெனி நமக்குத் தர வேண்டிய தொகை. காயின்கள் கம்பெனியின் வாலட்டில், கம்பெனியின் சாவியில் இருக்கின்றன. நம்மிடம் இருப்பது அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. பதினொன்றாம் வகுப்பில் படித்த மொழியில் சொன்னால், நம் இருப்புநிலைக் குறிப்பில் இது ரொக்கம் என்ற தலைப்பில் வராது, கடனாளிகள் என்ற தலைப்பில் வரும். அதுவும் ஒரே ஒரு கடனாளி. அடமானமும் கிடையாது. வங்கியில் போட்டால் கூட ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

கடனாளி என்றதும் பாடத்தில் அடுத்து வருவது வாரா ஐயக்கடன் ஒதுக்கு. கடனாளி நல்லவரா கெட்டவரா என்று பார்த்துவிட்டு ஒதுக்கு வைப்பதில்லை. யாராக இருந்தாலும் கொஞ்சம் வராமல் போகலாம் என்று முன்கூட்டியே எண்ணி வைக்கிறோம். அதே புத்திதான் இங்கேயும் வேண்டும்.

இப்போது தொடர்ந்து லாபம் வரும்போது நடக்கிற வேடிக்கையைப் பாருங்கள். ஒருவன் 40,000 ரூபாய் போட்டான். அவ்வளவு தொகையை அந்தக் கம்பெனியிடம் நம்பி விடலாம் என்று அவனே யோசித்து எடுத்த முடிவு அது. ஆறு வாரத்தில் அது ஒரு லட்சம் ஆனது. இப்போது அதே கம்பெனியிடம் இரண்டரை மடங்கு கடன் கொடுத்து வைத்திருக்கிறான். ஆனால் இந்த இரண்டாவது முடிவை அவன் எடுக்கவே இல்லை, அதுவாகவே நடந்துவிட்டது. யாராவது அவனிடம் வந்து "அந்தக் கம்பெனிக்கு இன்னொரு 60,000 கைமாத்து கொடு" என்று கேட்டால் கொடுப்பானா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கொடுக்க மாட்டோம். லாபமாக வந்தது என்பதால் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறோம்.

ஒரே மாதிரி திருட்டு, மூன்று விதமான முடிவு

"பெரிய கம்பெனி, ஒண்ணும் ஆகாது" கட்சிக்காக ஒரு சின்ன வரலாறு.

2024 ஜூலை 18. வசீர்எக்ஸின் ஒரு வாலட்டிலிருந்து சுமார் 23.5 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. அது கம்பெனியிடம் இருந்த மொத்தச் சொத்தில் ஏறக்குறைய 45 சதவீதம். உடனே பணம் எடுப்பதை நிறுத்தினார்கள். கம்பெனியின் தாய் நிறுவனம் சிங்கப்பூரில் இருந்ததால் வழக்கு சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் போனது. கடன் கொடுத்தவர்கள் (அதாவது நம்ம மாதிரி பயனர்கள்) ஓட்டுப் போட்டு, ஒரு முறை நீதிமன்றம் மறுத்து, மறுபடி ஓட்டுப் போட்டு, 2025 அக்டோபரில்தான் திட்டத்துக்கு அனுமதி கிடைத்துத் தளம் திறந்தது. பதினைந்து மாதம்! கிடைத்ததும் முழுசு இல்லை. திருட்டு நடந்த அன்றைய விலையில் கணக்குப் போட்டு சுமார் 85 சதவீதம். மீதிக்கு, பின்னால் ஏதாவது மீண்டால் தருகிறோம் என்று ஒரு டோக்கன்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. திருடு போன வாலட் எதீரியம் நெட்வொர்க்கில் இருந்தது. பிட்காயின் அந்த வாலட்டில் இருக்கவே முடியாது. ஆனாலும் பிட்காயின் மட்டும் வைத்திருந்தவர்களும் அந்த நஷ்டத்தில் பங்கு ஏற்றார்கள். "என் காயின் திருடு போகலையே" என்ற வாதம் அந்தத் திட்டத்தில் எடுபடவில்லை. ஏனென்றால் 'என் காயின்' என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் கை வைத்த கடன்காரர்கள்.

அடுத்தது 2025 பிப்ரவரி. பைபிட் எக்ஸ்சேஞ்சில் ஏறக்குறைய 150 கோடி டாலர் மதிப்புள்ள எதீரியம் திருடப்பட்டது. வசீர்எக்ஸைப் போல ஆறு மடங்குக்கும் மேல். ஆனால் பைபிட் கடன் வாங்கிச் சமாளித்து, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தது. 2025 ஜூலையில் நம்ம ஊர் காயின்டிசிஎக்ஸில் சுமார் 4.4 கோடி டாலர் போனது. அதைக் கம்பெனி தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டியது, பயனர்களுக்கு நஷ்டம் வரவில்லை.

ஆக மூன்று இடத்திலும் திருட்டு நடந்தது. வித்தியாசம் வந்தது கம்பெனியின் சொந்த மூலதனத்தில். திருடு போனது அந்தக் கம்பெனி தாங்கக்கூடிய அளவா, இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கு வெளியே நிற்கிற நமக்கு முன்கூட்டித் தெரிவதில்லை. "எங்களிடம் இவ்வளவு காயின் இருக்கிறது பாருங்கள்" என்று சில கம்பெனிகள் இருப்புச் சான்று வெளியிடுகின்றன. அதில் முக்கியமாகத் தெரிவது சொத்துப் பக்கம்தான். யாருக்கெல்லாம் எவ்வளவு தர வேண்டும் என்ற பொறுப்புப் பக்கம் முழுசாகத் தெரியாமல் இருப்புநிலைக் குறிப்பைப் பாதி மறைத்துக்கொண்டு படிப்பதற்கு நம்ம அக்கவுன்டன்சி சாரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

"ஏதாவது ஆபத்து தெரிந்தால் உடனே எடுத்துவிடுவேன்" என்பவர்களுக்கு எஃப்டிஎக்ஸ். 2022 நவம்பர் 6-ல் சந்தேகம் பெரிதாகக் கிளம்பியது, 8-ம் தேதி எடுப்பது நின்றது, 11-ம் தேதி திவால் மனு. இரண்டு நாள்தான் அவகாசம். வசீர்எக்ஸில் அதுவும் இல்லை, செய்தி வந்த அன்றே கதவு மூடியாச்சு. எஃப்டிஎக்ஸ்காரர்களுக்குப் பின்னால் பணம் வந்தது உண்மை. ஆனால் திவால் மனு போட்ட அன்றைய விலையில், பிட்காயினுக்குச் சுமார் 16,900 டாலர் என்று வைத்து, டாலராகக் கொடுத்தார்கள். கொடுக்க ஆரம்பித்த 2025 பிப்ரவரியில் பிட்காயின் விலை அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

அப்போ மொத்தத்தையும் வெளியே எடுத்துடலாமா?

அதுவும் இல்லை. அடுத்து டிரேடு பண்ணப் போகிறவனுக்கு எக்ஸ்சேஞ்சில் காசு இருந்தே ஆக வேண்டும். கடை வைத்திருக்கிறவன் கல்லாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் பீரோவில் வைத்தால் மறுநாள் சில்லறை கொடுக்க முடியாது. அதனால் நான் சொல்வது: எக்ஸ்சேஞ்சில் இருக்க வேண்டியது நடைமுறை மூலதனம் மட்டும். அதாவது, வேலை செய்கிற பணம். சும்மா படுத்திருக்கிற பணம் அங்கே இருக்கக்கூடாது.

மேலே சொன்ன நண்பனையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். போட்டது 40,000. இப்போது எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரு லட்சம் ரூபாய் இருப்பில் இருக்கிறது. பதினோரு டிரேடில் எட்டு ஜெயித்து 72,000 லாபம், மூன்று தோற்று 12,000 நஷ்டம். நிகரம் 60,000.

முதல் படி, வரி. இதைத்தான் நம்ம பசங்க மறந்தே போகிறார்கள். இந்தியாவில் 2022-லிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், மொத்தம் 31.2 சதவீதம். "எனக்கு வேற வருமானமே இல்லை, வரம்புக்குள்ளதான் இருக்கேன்" என்பது இங்கே செல்லாது. அதைவிடக் கொடுமை, ஒரு டிரேடின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஆகவே வரி 60,000-க்கு இல்லை, 72,000-க்கு. அது 22,464 ரூபாய். கைக்கு நிகரமாக வந்ததில் 37 சதவீதத்துக்கு மேல்! ஒவ்வொரு விற்பனையிலும் பிடிக்கிற 1 சதவீத டிடிஎஸ் இந்த வரியில் கழிந்துகொள்ளும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை இங்கே விட்டுவிட்டேன்.

இந்த 22,464 எக்ஸ்சேஞ்சிலும் இருக்கக்கூடாது, சொந்த வாலட்டிலும் இருக்கக்கூடாது. ரூபாயாக வங்கிக்குப் போக வேண்டும். காயின் விலை பாதியானாலும் வரி பாதியாகாது. வரிப்பணத்தைக் காயினில் வைத்திருப்பது அரசாங்கத்தின் காசில் சூதாடுவது மாதிரி.

மீதி 77,536.

இரண்டாவது படி, வேலை செய்கிற பணம் எவ்வளவு? கற்பனை வேண்டாம், போன மாத ஆர்டர் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு மாட்டியிருந்தது? நம் நண்பன் தலா 15,000-ல் இரண்டு டிரேடுக்கு மேல் ஒரே நேரத்தில் வைத்ததில்லை. அப்போ 30,000. கை இழுபறிக்கு 5,000 சேர்த்து 35,000. அவனுடைய கல்லா இதுதான். மீதி 42,500 சொச்சம் படுத்திருக்கிற பணம், வெளியே போகலாம்.

"இருந்தா பெரிய டிரேடு போடலாமே?" என்று கேட்பான். அதற்காகவே வெளியே எடுக்க வேண்டும் என்கிறேன். எட்டு முறை ஜெயித்தவன் ஒன்பதாவது முறை 15,000-க்குப் பதில் 60,000 போடுவது திட்டமிட்டு இல்லை, கண்ணெதிரே காசு இருப்பதால். வாலட்டிலிருந்து திரும்பக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும் என்றால், அந்த அரை மணி நேரத்தில் கொஞ்சம் புத்தி வரும்.

மூன்றாவது படி, எப்போதெல்லாம் எடுப்பது? வெளியே எடுக்கும் கட்டணம் பெரும்பாலும் சதவீதமாக இருக்காது, ஒரு தடவைக்கு இவ்வளவு காயின் என்று நிலையாக இருக்கும். உதாரணத்துக்கு அது 200 ரூபாய்க்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 42,500-ஐ எடுத்தால் அரை சதவீதம் கூட இல்லை. வாரா வாரம் 2,000 எடுத்தால் ஒவ்வொரு முறையும் 10 சதவீதம் காலி. கட்டணம் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தால், குறைந்தது 20,000 சேர்ந்த பிறகே எடுக்க வேண்டும். ஆக அவனுடைய விதி இது: இருப்பு 55,000-ஐத் தொட்டால் 20,000-ஐ எடுத்து மறுபடி 35,000-க்குக் கொண்டுவா. கீழே போனால் ஒன்றும் செய்யாதே. இந்த இரண்டு எண்ணையும் லாபம் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும், வந்த பிறகு நம் மனசு நமக்கே வக்கீல் ஆகிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "இந்தக் காயினுக்கு எடுக்கும் கட்டணம் அதிகம், வேற காயினா மாத்தி எடுத்துக்கலாம்" என்று சிலர் செய்கிறார்கள். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் நம் சட்டத்தில் விற்பனைதான். கையில் லாபத்தில் இருக்கும் காயினை அப்படி மாற்றினால் 31.2 சதவீத வரி, 1 சதவீத டிடிஎஸ் எல்லாம் வரும். 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரக்கணக்கில் விடுவது. நம்முடைய வாலட்டுக்கே அப்படியே மாற்றினால் அது விற்பனை இல்லை.

வெளியே எடுத்தால் ஆபத்தே இல்லையா?

உண்டு. கடனாளி ஓடிப்போகிற ஆபத்து போய், நாமே தொலைக்கிற ஆபத்து வருகிறது. ஸ்டெஃபான் தாமஸ் என்ற புரோகிராமர் 7,002 பிட்காயினின் சாவியை ஒரு பூட்டிய பென்டிரைவில் வைத்துவிட்டுப் பாஸ்வேர்டைத் தொலைத்த கதை 2021-ல் உலகம் முழுக்க வந்தது. பத்து முறை தவறினால் அழிந்துவிடும் சாதனம், எட்டு முறை தவறியாச்சு. புகார் கொடுக்க அங்கே எந்த கஸ்டமர் கேரும் இல்லை.

அதனால் பெரிய தொகையை அனுப்பும் முன் ஒரு ஒத்திகை அவசியம். வாலட் புதிதாகத் தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். சாவி என்பது அந்தச் சொற்கள்தான், போன் இல்லை. அவற்றை வரிசை மாறாமல் பேனாவால் பேப்பரில் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், எடுத்தால் அது தானாகவே கிளவுடுக்குப் போய்விடலாம். பிறகு எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுமதிக்கிற மிகக் குறைந்த தொகையை மட்டும் அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததும் வாலட் செயலியை அழித்துவிட்டு, பேப்பரில் இருப்பதை வைத்து மறுபடி உருவாக்குங்கள். அதே முகவரியும் அதே சின்னத் தொகையும் தெரிந்தால் பேப்பர் சரி. தெரியாவிட்டால் போனது சில நூறு ரூபாய், தப்பித்தீர்கள். கட்டணம் இரண்டு முறை ஆகிறதே என்று இந்த ஒத்திகையை விடாதீர்கள்.

அனுப்பும்போது திரையில் நெட்வொர்க் எது என்று கேட்கும். ஒரே டாலர் காயினுக்கு `TRC20`, `ERC20` என்று பல வழி இருக்கும். வாங்குகிற வாலட் எந்த வழியில் வாங்கும் என்று பார்த்து அதையே இங்கேயும் தேர்ந்தெடுக்க வேண்டும். முகவரியைக் காப்பி பேஸ்ட் செய்தபின் முதல் நாலு எழுத்து, கடைசி நாலு எழுத்து மட்டும் பார்ப்பது போதாது. அவை ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து சும்மா ஒரு சின்னத் தொகை அனுப்பி, நம் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் நுழைந்துகொள்வது ஒரு திருட்டு வித்தை. நடுவிலும் பாருங்கள், பழைய பட்டியலிலிருந்து காப்பி எடுக்காதீர்கள்.

ஹார்டுவேர் வாலட் வாங்கலாமா என்றால், அது சில ஆயிரம் ரூபாய். 42,500-ஐக் காக்க அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவு செய்வது யோசிக்க வேண்டிய விஷயம். இரண்டு லட்சம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வாங்கலாம். ஆனால் அது தாயத்து இல்லை. வசீர்எக்ஸில் கையெழுத்துப் போட்டவர்களும் ஹார்டுவேர் வாலட்டில்தான் போட்டார்கள். கணினித் திரை காட்டியது ஒன்று, கையெழுத்து விழுந்தது இன்னொன்றுக்கு. சாதனத்தின் சின்னத் திரையில் வருவதைப் படிக்காமல் ஓகே அழுத்தினால் எந்தச் சாதனமும் காப்பாற்றாது.

கடைசியாக, வணிகவியல்காரன் வேலை. எடுக்கும் முன் எக்ஸ்சேஞ்சின் பரிவர்த்தனை அறிக்கையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கு, என்ன விலைக்கு வாங்கியது என்ற விவரம் வாலட்டில் இருக்காது. இரண்டு வருடம் கழித்து விற்கும்போது வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லை என்றால், முழுத் தொகையும் லாபமாகப் பார்க்கப்படலாம். அந்த எக்ஸ்சேஞ்ச் அன்றைக்கு இருக்குமா என்பதும் தெரியாது.

சரி, யாருக்கு இந்த வேலையே வேண்டாம்? படுத்திருக்கிற பணம் ஐந்தாயிரம், பத்தாயிரம்தான் என்றால், ஹாஸ்டல் அறையில் 12 சொல் பேப்பரை ஒளித்து வைத்து அல்லாடுவதைவிட அதை விற்று ரூபாயாக வங்கிக்கு அனுப்புவது புத்திசாலித்தனம். சொந்த வாலட் என்பது நீண்ட நாள் வைத்திருக்கப் போகிற காயினுக்கு. அந்தப் பேப்பரும் ஹாஸ்டலில் இருக்கக்கூடாது. ஒட்டிய உறையில் போட்டு வீட்டு பீரோவில் இருக்கட்டும், அது என்ன உறை என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும்.

நம் நண்பனின் ஒரு லட்சம் இப்போது இப்படி நிற்கிறது: வங்கியில் 22,464, எக்ஸ்சேஞ்சில் 35,000, வாலட்டில் 42,500 சொச்சம். நாளைக்கே அந்தக் கம்பெனி கதவை மூடினாலும் அவன் மாட்டிக்கொள்வது 35,000-க்கு. முதலில் அவனே யோசித்து நம்பிக் கொடுத்த 40,000-ஐவிட அது குறைவு. அவ்வளவுதான் கணக்கு.

டிஸ்கி: எந்தக் காயினை வாங்கலாம் என்று கேட்டு யாரும் வராதீர்கள், எனக்குத் தெரியாது. உங்கள் செயலியில் வெளியே எடுக்கும் வசதி உண்மையில் வேலை செய்கிறதா என்று மட்டும் இன்றைக்கே ஒரு சின்னத் தொகையில் பார்த்துவிடுங்கள். சில செயலிகளில் காயினை வெளியே எடுக்கும் வழியே இருக்காது. அப்படியென்றால் மேலே சொன்ன 35,000 கூட அங்கே அதிகம்.